வாங்கிய நாளும் பதிந்த நாளும்

மன்னிப்பை உயர்த்திப் பேசும் செய்யுள்களை இளமையிலேயே மனப்பாடம் செய்தவன் நான். அவற்றைப் பிறருக்குப் பொருள் விரித்துச் சொல்லியும் இருக்கிறேன். ஆயினும் எங்கள் தொழிற்சாலையின் ஏற்றுமதி மேலாளரை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை. அவருக்கு நான் செய்ததை நினைக்கும்போது நெஞ்சில் குளிர்ச்சிதான் பிறக்கிறது. அதை மறைத்து எழுதினால் எழுத்து பொய்யாகிவிடும்.

தொண்ணூறுகளின் பிற்பாதி. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பற்சக்கரம் வெட்டும் ஒரு நடுத்தரத் தொழிற்சாலையில் நான் கணக்கு எழுத்தராக இருந்தேன். தமிழ் இலக்கியத்தில் பட்டம் பெற்றவனைக் கணக்கில் வைத்துக்கொண்டதற்கு என் கையெழுத்தின் தெளிவு ஒன்றே காரணம். முதலாளி அந்தப் பக்கத்துப் பழைய உழவர் குடும்பத்தவர். தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்தபோது கிடைத்த தொகையில் இரண்டு கடைசல் இயந்திரம் வாங்கிப்போட்டு, தாமே நின்று ஓட்டி, தொண்ணூறு பேருக்கு வேலை கொடுக்கும் அளவுக்கு வளர்ந்தவர். ஆங்கிலக் கடிதம் வந்தால் ஏற்றுமதி மேலாளரைத்தான் கூப்பிடுவார். மேலாளர் ஜெர்மனிக்குப் போய்வருவார். நான்கைந்து பேர் அங்கே எங்கள் சக்கரங்களை வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

வெளிநாட்டில் செலவழிக்க மேலாளரிடம் பன்னாட்டுக் கடனட்டை ஒன்று இருந்தது. அட்டை அவர் பெயரில். வங்கியின் மாத அறிக்கை அவர் வீட்டுக்குப் போகும்; பணத்தை அவரே கட்டுவார். ஊர் திரும்பியதும் விடுதி, உணவு, ரயில் என்று எல்லாவற்றுக்கும் ஜெர்மன் பணமான மார்க் கணக்கிலான ரசீதுகளைக் கொண்டுவந்து என்னிடம் கொடுப்பார். நான் அவற்றை ரூபாயாக்கிக் கூட்டி, காசோலைக்கு எழுதுவேன்.

ரூபாயாக்குவதற்கு எங்களிடம் ஒரு குறிப்பேடு இருந்தது. காலையில் வரும் ஆங்கில நாளிதழில் அயல்நாட்டுப் பண விலை அச்சிட்டிருக்கும் சிறு கட்டத்தைக் கத்தரித்து, உணவுக்கூடத்து மைதாப் பசையால் அதில் ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதவேண்டும். ஒட்டுவது என் வேலை. ரசீதில் எந்தத் தேதி இருக்கிறதோ, குறிப்பேட்டில் அந்தத் தேதியின் விலை. தொழிற்சாலை தொடங்கிய நாள்முதல் இதுவே வழக்கம். அன்றைய நாளிதழில் இருப்பது முந்தின நாள் விலை என்பதையோ, அது வங்கிகள் தமக்குள் கொள்ளும் விலையே அன்றி அட்டைக்காரனுக்கு விற்கும் விலை அன்று என்பதையோ எங்களில் எவரும் எண்ணிப்பார்த்ததில்லை. ஒட்டிய தாளைச் செப்பேடுபோல் நம்பினோம். நானும் நம்பினேன்.

அந்த ஆண்டின் முற்பாதியில் மேலாளர் இரண்டு முறை போய்வந்தார். இரண்டாம் பயணத்துக்குப் பின், தணிக்கையாளர் ஒருமுறை போகிறபோக்கில் சொன்னதை நினைவில் வைத்து, ரசீதுகளோடு வங்கி அறிக்கையின் படியையும் இணைக்கும்படி மேலாளரிடம் கேட்டேன். ஐயத்தால் கேட்கவில்லை. கோப்பு முழுமையாக இருக்கவேண்டும் என்ற எண்ணம் தவிர வேறொன்றும் இல்லை.

அவர் முகம் சிவந்தது. நான் எழுதியிருந்த செலவுச் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு முதலாளியின் அறைக்கு நடந்தார். என்னையும் வரச்சொன்னார். அப்போது அங்கே இயந்திரப் பிரிவின் மேற்பார்வையாளர்கள் இருவர் இருந்தார்கள்.

“சார், நம்ம பண்டிதர் என்மேல சி.பி.ஐ. விசாரணை வெச்சிருக்கார்” என்றார் மேலாளர். “என் வீட்டுக்கு வர்ற ஸ்டேட்மெண்ட் வேணுமாம். என் பொண்டாட்டி என்ன புடவை வாங்கினான்னும் பாக்கணுமோ என்னமோ.”

மேற்பார்வையாளர்கள் சிரித்தார்கள்.

முதலாளி என்னைப் பார்த்தார். “இன்னாபா, எதுக்கு அது உனுக்கு?”

“கோப்புக்கு, ஐயா.”

“கோப்புக்கு” என்று என் குரலிலேயே சொல்லிக்காட்டினார் மேலாளர். செலவுச் சீட்டை உயர்த்திப் பிடித்தார். “இதைப் பாருங்க சார். ‘தங்கும் விடுதிக் கட்டணம்.’ ‘சிற்றுண்டி வகையறா.’ இது வவுச்சரா, பள்ளிக்கூடப் புஸ்தகமா? இவருக்கு எழுதத்தான் தெரியும், கணக்கு தெரியாது. ரேட் புக் எதுக்குய்யா இருக்கு? வாங்கின தேதி, அன்னிக்கு ரேட். முடிஞ்சுபோச்சு.”

முதலாளி ஒரே ஒரு கேள்வி கேட்டார். நல்ல கேள்வி. “பேங்குக்காரன் போடறதும் நம்ம நோட்டும் ஒண்ணுதான மேனேஜர்?”

“ஒண்ணுதான் சார். பத்துப் பைசா வித்தியாசம் வராது. வேணும்னா இதையே ஆர்டரா போட்டுடுங்க.”

அன்று மாலையே ஆணை தட்டச்சாகி வந்தது. வெளிநாட்டுச் செலவுகள், வாங்கிய தேதியன்று நம் குறிப்பேட்டில் உள்ள விலைப்படி மட்டுமே ரூபாயாக்கப்படும். வேறு ஆவணம் கேட்கப்படமாட்டாது. வாசகத்தை எழுதியவர் மேலாளர், கையொப்பம் முதலாளியுடையது.

அதற்கடுத்த வாரம் நான் கிடங்குக்கு மாற்றப்பட்டேன். தலைமைக் கணக்கர் பதவி அந்த மாதம் எனக்கு வரவேண்டியதாக இருந்தது. முதலாளி வாய்விட்டே சொல்லியிருந்தார். இப்போது வெளியிலிருந்து ஒருவரை அதற்கு எடுத்தார்கள். என் தந்தை ஆவடிப் படைத்துறைத் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்று, குடியிருப்பைக் காலிசெய்ய நாள் எண்ணிக்கொண்டிருந்தார். புதுச் சம்பளத்தை நம்பிக் கொரட்டூரில் ஒரு வீட்டுக்கு முன்பணம் பேசிவைத்திருந்தோம். அந்த வீடு போயிற்று. மண்ணூர்பேட்டையில் இரும்பை அடித்து வடிக்கும் ஓர் ஆலையின் பின்சுவரை ஒட்டிய ஒற்றை அறைக்கு வந்து சேர்ந்தோம். ஆலையின் சம்மட்டி விழும்போதெல்லாம் அலமாரியில் பாத்திரங்கள் நடுங்கும். என் தாயார் அந்தப் பாத்திரங்களைத் தரையில் துணி விரித்து வைக்கத் தொடங்கினார். அந்த ஓசையின்மையை நான் கணக்கில் எழுதிவைத்தேன். பற்று யார் பெயரில் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

பணத்துக்கும் மேலாக ஒன்று என்னை வாட்டியது. “இவருக்குக் கணக்குத் தெரியாது” என்ற சொல் தொழிற்சாலை முழுவதும் பரவிவிட்டது. என் பெயரை மீட்கவேண்டும். அதை அந்த மனிதரின் கையாலேயே மீட்கவேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

ஆவடிக் குடியிருப்பைக் காலிசெய்யும்வரை சில வாரங்கள் அங்கிருந்தே மின்தொடர்வண்டியில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்து வரிசை வீட்டு நண்பன் ஒருவன் சென்னையில் ஒரு வங்கியின் கடனட்டைப் பிரிவில் இருந்தான். மேலாளரின் அட்டையும் அந்த வங்கியுடையதே. பட்டரவாக்கத்தில் நான் இறங்கும்வரை சேர்ந்தே நின்று வருவோம். ஒரு நாள் நடந்ததையெல்லாம் அவனிடம் சொன்னேன்.

அவன் வெகுநேரம் சிரித்தான். “இன்னா மச்சான், மைதா மாவுல பேப்பர ஒட்டிகினு கீறீங்களா? அத்தப் பாத்து எங்க பேங்கு ரேட்டு போடும்னு நெனச்சீங்களா?”

“பத்துப் பைசா வித்தியாசம் வராது என்கிறார்.”

“எவன் சொன்னது? நீ இத்தக் கேளு. உன் ஆளு அங்க ஓட்டல்ல கார்ட நீட்டறான். அவன் இன்னா பண்ணுவான்? மெஷின்ல வெச்சு ஒரு தேய்ப்பு தேய்ச்சு, கையெழுத்து வாங்கினு, கார்பன் சீட்டு ஒண்ண அவன் வெச்சுக்குவான். அன்னிக்கு எங்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது.”

“தெரியாதா?”

“பெரிய தொகன்னா, இந்த கார்டுல இவ்ளோ தாங்குமான்னு கேப்பான், தாங்கும்னு சொல்லுவோம். அவ்ளோதான். அது எடம் புடிச்சு வெக்கறது மாதிரி, கணக்குல ஏறாது. அந்தச் சீட்ட அவன் எப்பத் தோணுதோ அப்பக் கட்டு கட்டி அவன் பேங்குல குடுப்பான். ஒருத்தன் மறுநாளே குடுப்பான், ஒருத்தன் பத்து நாள் டிராயர்ல வெச்சுகினு இருப்பான். அவன் பேங்கு கார்டு கம்பெனிக்கு அனுப்பும். கார்டு கம்பெனி, அது கைக்கு வந்த அன்னிக்கு ரேட்டுல மார்க்க டாலரா மாத்தி எங்களுக்கு அனுப்பும். நாங்க, எங்க கைக்கு வந்து கணக்குல ஏத்தற அன்னிக்கு விக்கற ரேட்டுல டாலர ரூபாயா மாத்துவோம். மேல எங்க கூலி கொஞ்சம். ஸ்டேட்மெண்டுல வர்றது அந்தத் தொகதான்.”

“வாங்கின தேதி?”

“அதுவும் பக்கத்துல போட்டிருக்கும். ரெண்டு தேதி இருக்கும்பா. வாங்குனது ஒண்ணு, பதிஞ்சது ஒண்ணு. ரேட்டு பதிஞ்ச நாளோடது. நாங்க டாலர அன்னிக்குத்தான குடுக்கறோம்? முன்னாடியேவா குடுத்தோம், பழைய ரேட்டுல வாங்கிக்க?”

வண்டி அண்ணனூரைத் தாண்டியிருந்தது. நான் அந்த இரண்டு பயணங்களின் மாதங்களை நினைத்தேன். குறிப்பேட்டின் பக்கங்கள் கண்முன் வந்தன, ஒட்டியவன் நான்தானே. அம்மாதங்களில் டாலருக்கு ரூபாய் ஏறக்குறைய அசையாமல் நின்றது. மார்க்கோ டாலருக்கு எதிராக நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டிருந்தது. ஆகவே வாங்கிய நாளில் மார்க் விலை கூடுதல். பதிந்த நாளில் குறைவு. நாங்கள் கூடுதல் விலையில் மேலாளருக்குக் காசோலை கொடுத்தோம். அவர் வங்கிக்குக் குறைந்த விலையில் கட்டினார். இடையில் நின்றது அவர் பையில்.

“அவர் கணக்கைக் கொஞ்சம் பார்த்துச் சொல்ல முடியுமா?” என்று கேட்டேன்.

அவன் சிரிப்பு நின்றது. “அது மட்டும் கேக்காத. காட்டினா என் வேல பூடும். எப்டி நடக்குதுன்னு சொன்னேன், அவ்ளோதான். அவன் கணக்க அவன் வாயாலதான் நீ வாங்கணும்.” பட்டரவாக்கம் வந்தபோது தோளைத் தட்டினான். “ரேட்டு எறங்குச்சு, அவன் துன்னான். ஒருநாள் ஏறும்ல. அன்னிக்குப் பாரு.”

ஆண்டின் கடைசியில் ஏறியது. அப்போது ரூபாய் சரியத் தொடங்கியிருந்தது. கிடங்குக்கு மாற்றியவர்கள் குறிப்பேட்டை என்னிடமிருந்து எடுக்கவில்லை. அந்தப் பசை வேலையை வேறு எவரும் ஏற்கவில்லை. தினமும் காலையில், இரும்புத்தூள் படிந்த மேசையில், நாளிதழ்க் கட்டத்தை ஒட்டுவேன். டாலர் ஏற ஏற, மார்க்கும் ரூபாயில் ஏறியது.

அந்தச் சரிவின் தொடக்கத்தில் மேலாளர் மூன்றாம் முறையாகப் போனார். அங்கே ஒரு தொழிற்கண்காட்சியில் எங்களுக்கு ஒரு சிறு இடம் பிடித்திருந்தார்கள். அதன் வாடகையை அட்டையிலேயே கட்டினார். பற்சக்கரத்தின் பல்லளவு பார்க்கும் கருவி ஒன்றையும் அட்டையிலேயே வாங்கிவந்தார். வங்கி வழியாக முறைப்படிப் பணம் அனுப்ப நாள் பிடிக்கும் என்பதால் முதலாளியே அப்படிச் செய்யச் சொல்லியிருந்தார். விடுதிச் செலவும் சேர்த்து ஆறாயிரத்து இருநூறு மார்க்.

கருவி கிடங்குக்கு வந்தது. வரவு எழுத ரசீது வேண்டும். ரசீதோடு அட்டைச் சீட்டின் கார்பன் படியும் இருந்தது. தேதியைப் பார்த்தேன். குறிப்பேட்டில் அந்தத் தேதியின் விலையைப் பார்த்தேன். அப்புறம் ஒவ்வொரு நாளும் ஒட்டும்போது அந்த விலைக்கும் புது விலைக்கும் உள்ள இடைவெளியைப் பென்சிலால் ஓரத்தில் குறித்துவந்தேன். இருபது காசு. நாற்பது. எழுபது. நாடு கவலைப்பட்ட அந்த வாரங்களில், மண்ணூர்பேட்டையிலிருந்து தொழிற்சாலைக்கு நடக்கும்போது நான் மட்டும் நாளிதழுக்காக விரைந்து நடந்தேன். கண்காட்சிக்காரர்கள் சீட்டுகளை மேசை இழுப்பறையில் வெகுநாள் வைத்திருக்கவேண்டும் என்று விரும்பினேன். வைத்திருந்தார்கள்.

மேலாளர் வழக்கம்போல் ரசீதுகளைக் கொடுத்து, வாங்கிய நாள் விலையில் காசோலை பெற்றுக்கொண்டார். ஆணை அவருடையது, எவரும் எதுவும் கேட்கவில்லை. ஐந்து வாரம் கழித்து, தேநீர் நேரத்தில், முதலாளி அறையிலிருந்து அலுவலக உதவியாளர் வந்து என்னை அழைத்தார். “நோட்ட எடுத்துகினு வரச்சொன்னாரு.”

நான் குறிப்பேட்டோடு ஒரு தாளையும் எடுத்துக்கொண்டேன். அதை எழுதி இரண்டு வாரம் ஆகியிருந்தது. எட்டு முறை திருத்தி, அரைப் பக்கத்துக்குக் குறுக்கியிருந்தேன். அறைக்குள் நுழைந்தபின் கதவைச் சாத்தாமல் விட்டேன். வெளியே மேற்பார்வையாளர்களும் எழுத்தர்களும் தேநீர்க் குவளையோடு நின்றார்கள். வேண்டுமென்றேதான் விட்டேன்.

மேலாளர் கையில் வங்கி அறிக்கை இருந்தது. சில மாதங்களுக்கு முன் என்னிடம் காட்ட மறுத்த அதே வகைத் தாள்.

“பாருங்க சார்” என்று முதலாளியிடம் காட்டிக்கொண்டிருந்தார். “நம்ம நோட்டை விட மார்க்குக்கு ஒண்ணு நாப்பத்தஞ்சு ஜாஸ்தி போட்டிருக்கான். எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் என் கைநஷ்டம். கம்பெனி வேலைக்குப் போய் நான் ஏன் சார் கட்டணும்?”

முதலாளி நெற்றியைச் சுருக்கினார். “பத்துப் பைசாகூட வராதுன்னீங்களே.”

“அது சாதாரணமா வராது சார். இப்ப மார்க்கெட் அப்படி.”

“ஒரே சாமான், ஒரே கட. அதெப்படி ரெண்டு ரேட்டு?” முதலாளி என் பக்கம் திரும்பினார். “இன்னாபா ஸ்டோர், நோட்டுல தப்பா கிப்பா ஒட்டிட்டியா?”

“தப்பில்லை, ஐயா” என்றேன். “நோட்டில் இருப்பது வாங்கிய நாள் விலை. வங்கி போட்டிருப்பது அந்தச் சீட்டு வந்து கணக்கில் ஏறிய நாள் விலை. அறிக்கையில் இரண்டு தேதியும் இருக்கும். பாருங்கள்.”

முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளில் விரலை ஓட்டினார். கண்காட்சி வாடகைக்கு எதிரே இரண்டு தேதிகள். இடையில் இருபத்திரண்டு நாள். குறிப்பேட்டைப் பிரித்து இரண்டாம் தேதியின் பக்கத்தைக் காட்டினேன். ஒட்டியிருந்த விலையோடு வங்கியின் கூலியைச் சேர்த்தால் அறிக்கையின் விலை ஏறக்குறைய வந்துவிட்டது.

“அப்பப் பேங்குக்காரன் ஏமாத்தல” என்றார் முதலாளி மெதுவாக.

“இல்லை, ஐயா. வெளியூருக்குப் போய்ப் பொருள் வாங்கி, ‘நம்மூர்க் கடைக்காரர் தருவார்’ என்று சீட்டு எழுதிக்கொடுத்தது போல. சீட்டு நம்மூருக்கு வரும் நாளில்தான் கடைக்காரர் பணம் எடுத்துக் கொடுக்கிறார். அன்றைய விலைதான் அவருக்கு விலை.”

“அத்தான சார் நானும் சொல்றேன்” என்றார் மேலாளர், என்னைத் துணைக்கு அழைப்பவர்போல. “ஸ்டேட்மெண்ட் ரேட்தான் கரெக்ட். பண்டிதரே ஒத்துக்கிறார்.”

அந்தச் சொல்லுக்காகத்தான் காத்திருந்தேன். தாளை முதலாளியின் முன் வைத்தேன். “உரக்கப் படிபா, எனக்கு இந்தக் கண்ணாடி செரியில்ல” என்றார் அவர். படித்தேன். வெளியே குவளைகளின் ஓசை அடங்கியிருந்தது.

தாளில் இருந்தது இவ்வளவே. மேலாளர் விரும்பி எழுதிய ஆணைப்படி வாங்கிய நாள் விலையே செல்லும். அப்படியாயின் இப்போது கேட்கும் தொகை தரத்தக்கதன்று. ஆணையை மாற்றிப் பதிந்த நாள் விலையைக் கொள்வதாயின் இத்தொகை தரத்தக்கதே. ஆனால் அதே அளவுகோல் ஆண்டின் முற்பாதியில் நடந்த இரண்டு பயணங்களுக்கும் பொருந்தும். அம்மாதங்களில் மார்க் விலை இறங்கிக்கொண்டிருந்ததை நம் குறிப்பேடே காட்டும். ஆகவே அந்த இரண்டு அறிக்கைகளையும் மேலாளர் தந்தால் மூன்றையும் ஒருசேரத் தீர்க்கலாம். எதைக் கொள்வது என்பது அவர் விருப்பம்.

மேலாளர் அறிக்கையை மெல்ல மடிக்கத் தொடங்கினார். நான்காக மடித்தார், எட்டாக மடித்தார்.

“பரவால்ல சார்” என்றார். “ரூல்னா ரூல்தான். நானே போட்டது. இந்தத் தடவை போகட்டும், நான் பாத்துக்கறேன்.”

அந்தக் கணத்தில் என் வெற்றி பாதிதான் என்று எனக்குப் பட்டது. ஒன்பதாயிரம் ரூபாய் கொடுத்துத் தம் மானத்தை அவர் வாங்கிக்கொண்டு போகப்பார்த்தார். விலை அவருக்குக் கட்டுபடியாகும். என்னிடம் வேறு தாள் இல்லை. பதிந்த நாளைப் பற்றி எல்லாம் கற்றிருந்தேன். ஒரு மனிதர் தோற்றுப் பின்வாங்கும் வழியை அடைக்கக் கற்றிருக்கவில்லை.

அடைத்தவர் முதலாளி. அவர் சாய்ந்துகொண்டு மேலாளரை வெகுநேரம் பார்த்தார். ஓடும் இயந்திரத்தின் ஓசையில் குறை கண்டுபிடிக்கும்போது பார்க்கும் பார்வை அது.

“மேனேஜர், ரெண்டு வருசம் முன்னாடி பஸ் டிக்கெட் முப்பது ரூபா வர்லன்னு என்னாண்ட சண்ட போட்டவரு நீங்க. ஒம்பதாயிரத்த போட்டும்ங்கறீங்க.”

“இல்ல சார், ரூல்னு…”

“ரூல உடுங்க. எங்க ஊட்டுல நெல்லு அளக்கறப்போ, ஒரு மூட்ட கொறையுது பரவால்லன்னு எவனாச்சும் சொன்னா, எங்கப்பா மொதல்ல அவன் களத்தப் போய்ப் பாப்பாரு. அந்த ரெண்டு ஸ்டேட்மெண்டக் கொண்டாங்க.”

“அதெல்லாம் பழசு சார். எங்க இருக்கோ. வீடு மாத்தினதுல தொலைஞ்சிருக்கும்.”

இப்போது நான் பேசினேன். “தொலைந்தால் கவலையில்லை. அட்டைக்காரர் கையொப்பமிட்டு ஒரு கடிதம் கொடுத்தால் வங்கி மறுபடி தரும். சிறு கட்டணம் உண்டு. அதைக் கிடங்குச் செலவில் எழுதிக்கொள்கிறேன்.” கடிதத்தை நான் முன்பே எழுதிவைத்திருக்கவில்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் உண்மை. அங்கேயே நின்று, முதலாளி நீட்டிய வெள்ளைத் தாளில், என் வாழ்நாளின் மிகத் தெளிவான கையெழுத்தில் எழுதினேன். நான்கு வரி. மேலாளர் பேனாவைத் தேடினார். என்னுடையதைக் கொடுத்தேன்.

“கையெழுத்துப் போடுங்க” என்றார் முதலாளி. போட்டார்.

வெளியே வந்தபோது மேற்பார்வையாளர்களில் ஒருவர், முன்பு சிரித்தவர், என்னருகே நகர்ந்தார். “இன்னா வாத்யாரே, அரப் பக்கத்துலயே ஆளத் தெறிக்க உட்டுட்ட.” நான் குறிப்பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிடங்குக்கு நடந்தேன். அவரும் அன்று சிரித்தவர்தான் என்பது நினைவில் இருந்தது.

அறிக்கைகள் பத்து நாளில் வந்தன. தொழிற்சாலை முகவரிக்கே வரும்படி கடிதத்தில் எழுதியிருந்தேன். உறையைப் பிரித்தவர் முதலாளி. முதற்பயணத்தில் மூவாயிரத்து எண்ணூறு மார்க். மார்க்குக்குத் தொண்ணூறு காசு மேலாளர் கையில் நின்றது. இரண்டாவதில் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம், எண்பது காசு. ஐயாயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய். பெரும் திருட்டு என்று எவரும் சொல்லமாட்டார்கள். விலை இறங்கியது அவர் குற்றமன்று. எந்த நாளில் பதிவாகும் என்பதும் அவர் கையில் இல்லை. எஞ்சிய காசைச் சொல்லாமல் வைத்துக்கொண்டதும், கேட்டவனைக் கேலிசெய்து கிடங்குக்குத் தள்ளியதும், “ஒண்ணுதான் சார்” என்று முதலாளியின் முகத்துக்கு நேரே சொன்னதுமே குற்றம். முதலாளிக்கு எழுதிக்கொடுத்த குறிப்பில் இவற்றை அவ்வாறே பிரித்து எழுதினேன். கூட்டி எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை. கூட்டி எழுதியிருந்தால் அவருக்கு மறுக்க இடம் கிடைத்திருக்கும்.

முதலாளி அவரை வேலையை விட்டு நீக்கவில்லை. ஜெர்மன்காரர்கள் அவர் பெயரைத்தான் அறிந்திருந்தார்கள். கணக்கை நேராகத் தீர்க்கச் சொன்னார்: எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறைக் கூட்டி, ஐயாயிரத்து எழுநூற்று நாற்பதைக் கழித்து, மூவாயிரத்து இருநூற்றைம்பது மேலாளருக்குத் தரவேண்டும். ஆம், தொகை அவருக்கே வந்தது. முதலாளி சொல்லி அந்தக் காசோலையை எழுதியவன் நான்தான். செலவுச் சீட்டில் விவரத்தைத் தமிழிலேயே, ஒவ்வொரு பயணத்துக்கும் இரண்டு தேதிகளோடு விரித்து எழுதினேன். அதைப் படித்துப் பார்த்துக் கீழே ஒப்பமிட்டால்தான் காசோலை கொடுக்கலாம் என்பது வழக்கம். அவர் படித்தார். நிறுத்தி நிறுத்திப் படித்தார். மூவாயிரத்து இருநூற்றைம்பது ரூபாயை அவ்வளவு துன்பத்தோடு வாங்கிய மனிதரை நான் வேறு கண்டதில்லை.

தலைமைக் கணக்கராக வெளியிலிருந்து வந்தவர் சில மாதத்தில் தாமே விலகினார். நான் அந்த மேசைக்குப் போனேன். கொரட்டூர் வீடு கைவிட்டுப் போயிருந்தது. வேறொரு வீடு பார்த்தோம். பழைய ஆணை கிழிக்கப்பட்டது. புதியதன் வாசகத்தை எழுதும்படி முதலாளி என்னிடமே சொன்னார்: வெளிநாட்டுச் செலவு, வங்கி அறிக்கையில் பதிந்த தொகைப்படி, கூடினாலும் குறைந்தாலும் அது நிறுவனத்தையே சாரும், அறிக்கையின் முதற்படியை அட்டைக்காரர் தாமே கொண்டுவந்து தலைமைக் கணக்கரிடம் காட்டவேண்டும். கடைசிச் சொற்றொடர் தேவையில்லை. அலுவலக உதவியாளரிடம் கொடுத்தனுப்பியிருந்தாலும் போதும். முதலாளி படித்து ஒப்பமிட்டார். நான் அதை நீக்கச் சொல்லவில்லை.

அதன் பின் மூன்றாண்டு, ஒவ்வொரு பயணத்துக்கும் பிறகு அவர் வந்தார். நான் அறிக்கையை வாங்கி மேசையில் விரித்து, ஒவ்வொரு வரியிலும் வாங்கிய தேதியைப் பார்ப்பேன். பதிந்த தேதியைப் பார்ப்பேன். இடையிலுள்ள நாட்களை விரல்விட்டு எண்ணுவேன். எண்ணவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஒரு நாள் அவர் பொறுக்கமாட்டாமல், “இந்தத் தடவை ரேட் இறங்கியிருக்குய்யா, கம்பெனிக்கு லாபம்தான். சீக்கிரம் முடிச்சுக் குடு” என்றார்.

“முடித்துவிடலாம், சார்” என்றேன். முதல் வரியிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கினேன். அவர் நின்றுகொண்டிருந்தார். எதிரே நாற்காலி காலியாகத்தான் இருந்தது. உட்காரச் சொல்லவில்லை.